சட்டநிரூபண சபையும் அரசாங்க சபையும் ஒன்றல்ல: வரலாற்று விடைகளில் தவிர்க்க வேண்டிய சொற்குழப்பங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் க.பொ.த. சாதாரண தர வரலாற்றுப் பாடத்துக்குத் தயாராகும் மாணவர் பலர் பாடநூல், டியூஷன் குறிப்பு, பழைய வினாத்தாள் விளக்கம், தமிழ்நாட்டில் அச்சான பொது அறிவு நூல் ஆகியவற்றைச் சேர்த்தே படிக்கின்றனர். ஒரே நிறுவனத்தை இவை வெவ்வேறு பெயர்களால் குறிப்பதால், விடை எழுதும்போது அப்பெயர்கள் கலந்துவிடுகின்றன. இந்தக் கலப்பு மிக அதிகமாகத் தெரிவது பிரித்தானியர் கால அரசியல் யாப்புச் சீர்திருத்தங்கள் பற்றிய விடைகளில்தான். அங்கு நிறுவனத்தின் பெயர் மாறும்போது காலமும் மாறிவிடுவதால், பொருத்தமற்ற ஒரு சொல் விடையின் உண்மையையே மாற்றிவிடும்.

டொனமூர் யாப்பின் சிறப்பியல்புகளைக் கேட்கும் வினாவுக்கு இப்படி ஒரு விடை எழுதப்பட்டதாக வைத்துக்கொள்வோம்: "1931இல் சட்டசபை அமைக்கப்பட்டது. பாராளுமன்றத்துக்கு 50 பேர் தெரிவு செய்யப்பட்டனர். அமைச்சரவையில் ஏழு குழுக்கள் இருந்தன. மலைநாட்டவர் உட்பட அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது." எழுதியவர் பாடத்தைப் படித்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நான்கு வாக்கியங்களிலும் தவறு இருக்கிறது.

முதல் இரண்டு வாக்கியங்களும் ஒரே சபைக்கு இரண்டு பெயர்களைக் கொடுக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூட அந்தச் சபைக்கு உரியதல்ல. கோல்புறூக் - கமரன் சிபாரிசுகளின்படி 1833இல் உருவானது சட்டநிரூபண சபை. அதன் அமைப்பு 1910, 1920, 1924 ஆகிய ஆண்டுகளின் சீர்திருத்தங்களால் விரிந்ததே தவிர, பெயர் மாறவில்லை. 1931இல் அதன் இடத்துக்கு வந்தது அரசாங்க சபை. 1947இல் சோல்பரி யாப்பு பிரதிநிதிகள் சபை, செனற் சபை என்ற இரு சபைகளைக் கொண்ட பாராளுமன்றத்தை ஏற்படுத்தியது. 1972இல் வந்தது தேசிய அரசுப் பேரவை. 1978இல் மீண்டும் பாராளுமன்றம் என்ற பெயரே வழங்கலாயிற்று. ஆகவே 1931க்குரிய விடையில் பாராளுமன்றம் என்று எழுதுவது பதினாறு ஆண்டுகள் முந்திக்கொண்டு எழுதுவதாகும். சில நூல்கள் இச்சபைகளுக்குச் சற்று வேறான பெயர்களைத் தருகின்றன. கையிலுள்ள பாடநூலின் பெயரையே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுத வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம் ஆகிய தமிழ்நாட்டு வழக்குகள் அங்குள்ள அமைப்புகளுக்கு உரியவை. நம் பாடத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

மூன்றாவது வாக்கியத்திலுள்ள தவறு ஆழமானது. டொனமூர் யாப்பில் அமைச்சரவை இருக்கவில்லை. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவின் தலைவரும் அமைச்சரானார். அந்த எழுவரும், பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகிய மூன்று அரச உத்தியோகத்தரும் சேர்ந்ததே மந்திரிகள் சபை. அங்கே பிரதமர் பதவி இல்லை. ஓர் அமைச்சர் தம் குழுவோடு பிணைக்கப்பட்டிருந்தாரேயன்றி, ஏனைய அமைச்சர்களுடன் பொதுவான கொள்கைக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. பிரதமரின் தலைமையில் கூட்டுப்பொறுப்புடன் இயங்கும் அமைச்சரவை சோல்பரி யாப்புடனேயே வந்தது. டொனமூர் யாப்பையும் சோல்பரி யாப்பையும் ஒப்பிடுக என்று கேட்டால் முதலில் எழுத வேண்டிய வேறுபாடே இதுதான். இரண்டுக்கும் அமைச்சரவை என்று எழுதியவருக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

நான்காவது வாக்கியம் மலையக மாணவர் மிகுந்த அவதானத்துடன் அணுக வேண்டிய ஒன்று. வரலாற்று நூல்களில் மலைநாட்டவர் என்று வரும் பல இடங்களில் கண்டிச் சிங்களவரே குறிக்கப்படுகின்றனர். கரையோரச் சிங்களவரிடமிருந்து அவர்களை வேறுபடுத்தும் சொல் அது. 1889இல் சட்டநிரூபண சபையில் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. "மலைநாட்டவருக்கு ஆசனம் கிடைத்தது" என்று படித்துவிட்டு, அதைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. தாம் வாழும் இடத்தின் பெயர் அதில் இருக்கும்போது அப்படி எண்ணுவது இயல்பே. இந்தியர்களுக்கென இரு ஆசனங்கள் தேர்தல் மூலம் நிரப்பப்பட்டது 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான். ஆகையால் ஒரு சமூகத்துக்குக் கண்டிச் சிங்களவர் என்றும், மற்றதற்கு இந்திய வம்சாவளித் தமிழர் என்றும் முழுப்பெயர் எழுதுவதே பாதுகாப்பானது. பறங்கியர் என்ற சொல்லிலும் இதே ஆபத்து உண்டு: பேச்சு வழக்கில் அது போர்த்துக்கேயரைக் குறிக்கலாம்; 1833ஆம் ஆண்டுச் சபையில் ஓர் ஆசனம் பெற்ற பறங்கியர் வேறொரு சமூகத்தினர்.

"அனைவருக்கும் வாக்குரிமை" என்பதையும் அப்படியே விட முடியாது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் கிடைத்தது சர்வசன வாக்குரிமை என்று பாடநூல் கூறுவதை எழுதிவிட்டு, இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தர வதிவிடம் தொடர்பான நிபந்தனைகள் விதிக்கப்பட்டதையும் சேர்க்க வேண்டும். இதனோடு பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் ஒன்றாக எழுதப்படும் தவறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டப்பகுதி மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரைப் பிரஜைகள் அல்லாதோராக்கியது. வாக்காளர் பிரஜையாக இருக்க வேண்டும் என்ற 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமே வாக்கைப் பறித்தது. இரண்டு சட்டங்கள், இரண்டு உரிமைகள். நம் பாட்டன் பாட்டியரின் வாழ்வைப் புரட்டிப்போட்ட இந்த நிகழ்வை நாமே மங்கலாக எழுதக்கூடாது.

இன்னொரு குழப்பம் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் என்ற சொல்லைச் சுற்றியது. அரச பதவி வகிக்காதவர் என்பதே அதன் பொருள். மக்களால் தெரிவு செய்யப்பட்டவர் என்று பொருளல்ல. 1833இல் பதினைந்து அங்கத்தவருள் ஒன்பது பேர் உத்தியோகபூர்வமானவர்கள். ஏனைய அறுவரும் உத்தியோகப்பற்றற்றவர்களாயினும், அவர்களைத் தேசாதிபதியே நியமித்தார். 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் பத்து உத்தியோகப்பற்றற்றவருள் நால்வர் மட்டுமே தேர்தல் மூலம் வந்தனர். தெரிவு செய்தல், நியமித்தல் என்ற வினைகளை இடம் மாற்றி எழுதினால், அச்சீர்திருத்தத்தின் முக்கியத்துவமே விடையில் காணாமற்போகும். தேசாதிபதி, மகாதேசாதிபதி என்ற பதவிகளும் அப்படியே: 1948 பெப்ரவரியில் சுதந்திரம் பெறும்வரை இருந்தவர் தேசாதிபதி, அதன்பின் 1972 வரை மகாதேசாதிபதி.

இவற்றைத் தவிர்க்கக் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஒன்று போதும். 1833, 1910, 1920, 1924, 1931, 1947, 1972, 1978 ஆகிய ஆண்டுகளை இடப்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சட்டமியற்றும் சபை, நிர்வாகம் நடத்தும் சபை, நாட்டின் உயர் பதவி ஆகிய மூன்றின் பெயரையும் பாடநூலைப் பார்த்து நிரப்ப வேண்டும். விடையை எழுதி முடித்தபின் சபைப் பெயர்களின் கீழ் மட்டும் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்திலுள்ள ஆண்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பரீட்சை மண்டபத்தில் சரியான பெயர் நினைவுக்கு வராவிட்டால், அருகிலுள்ள காலத்தின் பெயரை இரவல் வாங்காமல், "டொனமூர் யாப்பின்கீழ் 1931இல் ஏற்படுத்தப்பட்ட சபை" என்று விளக்கமாக எழுதி, பின்னரும் "அச்சபை" என்றே குறிப்பிட்டுச் செல்லலாம்.