மூடிய கடைகளை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்

மொத்த வியாபாரியின் கணினியில் இருக்கும் கடைப் பட்டியல் எப்போதும் இன்றைய பட்டியல்தான். ஒரு கடை சரக்கு எடுப்பதை நிறுத்தினால் லைனுக்குப் போகும் சேல்ஸ்மேன் முதலில் அந்தக் கடைக்குப் போவதை விடுவார். சில மாதம் கழித்து, ஆபீசில் ஒருவர் எக்செல்லில் அந்த வரியையே நீக்கிவிடுவார். அன்றாட வேலைக்கு இது சரிதான். ஆனால் "எந்த மாதிரிக் கடை நிலைக்கிறது?" என்ற கேள்விக்கு அதே பட்டியலிலிருந்து விடை தேடினால், விடை தலைகீழாகவே வரக்கூடும். இதைத்தான் புள்ளியியலில் பிழைத்தோர் சார்பு என்கிறார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு சோப்பு, பிஸ்கட் விநியோகஸ்தர் 2019 ஏப்ரலில் 60 மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போட்டார். 2024 ஏப்ரலில் அவற்றில் 38 கடைகள் திறந்திருக்கின்றன. வாடிக்கையாளருக்கு நோட்டு போட்டுக் கடன் கொடுக்கும் கடை நிலைக்கிறதா, ரொக்கத்துக்கு மட்டும் விற்கும் கடை நிலைக்கிறதா என்று அவர் பார்க்கிறார்.

முதல் தவறு: எதால் வகுக்கிறோம் என்று பார்க்காமல் விடுவது

திறந்திருக்கும் 38 கடைகளில் 24 கடன் கொடுப்பவை. அதாவது 63 சதவீதம். "நிலைத்த கடைகளில் பெரும்பாலானவை கடன் கொடுக்கின்றன, ஆகவே கடன் கொடுத்தால் கடை நிலைக்கும்" என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

2019-ன் பழைய லைன் நோட்டைத் தேடி எடுத்தால், அன்றைய 60 கடைகளில் கடன் கொடுத்தவை 42, கொடுக்காதவை 18. இப்போது வகுத்துப் பாருங்கள். கடன் கொடுத்த 42-ல் 24 நிலைத்தன, அதாவது 57 சதவீதம். கொடுக்காத 18-ல் 14 நிலைத்தன, அதாவது 78 சதவீதம். மூடிய 22 கடைகளில் 18 கடன் கொடுத்தவை. நிலைத்தவற்றில் கடன் கொடுக்கும் கடைகள் அதிகம் தெரிவதற்குக் காரணம், தொடக்கத்திலேயே அவை அதிகம் இருந்ததுதான்.

நமக்கு வேண்டியது "நிலைத்தவர்களில் எத்தனை பேர் இப்படிச் செய்தார்கள்" என்ற எண் அல்ல. "இப்படிச் செய்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள்" என்ற எண். முதல் கேள்விக்கு இன்றைய பட்டியல் போதும். இரண்டாவதற்கு மூடிய கடைகள் இல்லாமல் விடை கிடையாது.

இரண்டாவது தவறு: சராசரி ஏறியதை வளர்ச்சி என்று படிப்பது

இது இன்னும் எளிதாக ஏமாற்றும். 2019-ல் 60 கடைகளின் மாதச் சராசரிக் கொள்முதல் ஏறக்குறைய 37,933 ரூபாய். 2024-ல் 38 கடைகளின் சராசரி 50,000. பார்த்தால் 32 சதவீத வளர்ச்சி.

அந்த 38 கடைகள் மட்டும் 2019-ல் எவ்வளவு எடுத்தன என்று தனியே பாருங்கள்: சராசரி 46,000. பின்னாளில் மூடிய 22 கடைகளின் அன்றைய சராசரி 24,000. ஆக, நிலைத்த கடைகள் ஒவ்வொன்றும் சராசரியாக 9 சதவீதம்தான் வளர்ந்திருக்கின்றன. மீதி ஏற்றம், சிறிய கடைகள் பட்டியலிலிருந்து விழுந்ததால் வந்தது. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் மாத விற்பனை 22.76 லட்சத்திலிருந்து 19 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது. சராசரி 32 சதவீதம் ஏறியிருக்க, வியாபாரம் 16.5 சதவீதம் சுருங்கியிருக்கிறது! சராசரி மட்டும் ஏறி, கடைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் உடனே மொத்தத்தைப் பாருங்கள்.

பழைய பட்டியலை மீட்பது

தொடக்க நாள் ஒன்றைத் தீர்மானித்து, அன்று கணக்கில் இருந்த எல்லாக் கடைகளையும் எழுதுங்கள். பழைய பில் புத்தகம், லைன் நோட்டு, அந்த வருடத்து டேலி பேக்கப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். பிறகு வந்த கடைகளை இதில் சேர்க்கக் கூடாது. 2023-ல் திறந்த கடை ஒரு வருடம்தான் தாக்குப்பிடித்திருக்கிறது. அதை ஐந்து வருடம் நின்ற கடையோடு ஒரே வரிசையில் வைத்தால் மறுபடி கணக்கு கெடும்.

பழைய பட்டியல் A பத்தியில் இருந்து, புதியது `2024` என்ற ஷீட்டில் இருந்தால்:

```
=IF(COUNTIF('2024'!A:A,A2)>0,"உள்ளது","இல்லை")
```

பெயரை வைத்து ஒப்பிடாமல் கடைக் குறியீட்டு எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். "முருகன் ஸ்டோர்ஸ்", "ஸ்ரீ முருகன் ஸ்டோர்" என்று ஒரே கடை இரண்டு விதமாக இருந்தால் உயிரோடு இருக்கும் கடை மூடியதாகிவிடும்.

"இல்லை" என்று வந்த கடைகளை ஜிஎஸ்டி தளத்தில் `Search Taxpayer` வழியாகச் சரிபார்க்கலாம். ஆனால் `Cancelled` என்று கண்டதும் மூடியது என்று எழுதிவிடாதீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யாததாலும் பதிவு ரத்தாகும். உரிமையாளர் இறந்து மகன் நடத்தினால், பான் எண் மாறுவதால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும். அதே தெரு, அதே ஷட்டர், பட்டியலிலோ ஒன்று மூடி ஒன்று திறந்ததாகத் தெரியும். இன்னொரு வரம்பு: தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். அதனால் அதிகம் மூடப்படும் சின்னக் கடைகள் அங்கே முதலிலிருந்தே இருக்காது. அவற்றுக்கு நேரில் போய், பக்கத்துக் கடைக்காரரைக் கேட்பதுதான் வழி.

கேட்கும்போது மூடிய காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சாலை அகலப்படுத்தியதில் கட்டடம் போன கடையும், வயதாகி ஓய்வு பெற்றவர் கடையும், பாக்கி வசூலாகாமல் நொடித்த கடையும் ஒன்றல்ல. இவற்றைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் "தோல்வி" என்று எழுதினால், ஒரு தவறைத் திருத்தி இன்னொன்றைச் செய்தவர்களாவோம்.

பண்பை எந்தத் தேதியில் பதிவதென்று மறப்பது

நிலைத்த கடைகளில் இன்று ஏசி இருக்கிறது, பில்லிங் மெஷின் இருக்கிறது. அதனால் கடை நிலைத்ததா, நிலைத்துச் சம்பாதித்ததால் அவை வந்தனவா? இன்றைய நிலையைப் பார்த்துப் பதிந்தால் இதைப் பிரிக்கவே முடியாது. கடன், பரப்பளவு, வாடகை என எந்தப் பண்பானாலும் 2019-ல் இருந்தபடியே எழுத வேண்டும். அன்றைய பதிவு இல்லாத பண்பை ஆய்விலிருந்து விட்டுவிடுவதே நல்லது. கடைக்காரரின் நினைவை நம்பி நிரப்பினால், பேசக் கிடைப்பவர்கள் நிலைத்தவர்கள் மட்டுமே.

விவரம் கிடைக்காத கடைகளை என்ன செய்வது

மூடிய 22-ல் ஐந்து கடைகள் கடன் கொடுத்தனவா என்று தெரியவில்லை என்று வையுங்கள். அவற்றை நீக்காமல், இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்தும் கடன் கொடுத்தவை என்றால் மேலே கண்ட அதே 57 சதவீதமும் 78 சதவீதமும்தான். ஐந்தும் கொடுக்காதவை என்றால் கடன் தரப்பில் 37-க்கு 24, அதாவது 65 சதவீதம். மறுதரப்பில் 23-க்கு 14, அதாவது 61 சதவீதம். முடிவே புரண்டுவிட்டது. அந்த ஐந்து கடைகளின் விவரம் கிடைக்கும்வரை எந்தப் பக்கமும் பேச முடியாது.

எல்லா விவரமும் கிடைத்தாலும் 60 கடை சின்ன எண்ணிக்கைதான். ரொக்கக் கடைகளில் இன்னும் இரண்டு மூடியிருந்தால் 78 சதவீதம் 67 ஆகி, இடைவெளி 21-லிருந்து 10-க்குப் பாதியாகக் குறைந்திருக்கும். பக்கத்து ஊர் விநியோகஸ்தரின் பழைய நோட்டும் கிடைத்து, அங்கேயும் இதே திசையில் எண் வந்தால், அப்போது ரொக்கக் கடைகளுக்குக் கூடுதல் தவணை கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.