கொண்டை ஊசி வளைவில் லைட், ஹாரன், கை: மலைப்பாதைக்குப் புதியவர்களுக்கு

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 9/40 என்பதுபோல எண் பலகை இருக்கும். அந்தப் பாதையில் எதிரே வருபவரோடு லைட், ஹாரன், கை மூன்றையும் வைத்து எப்படிப் பேசுவது என்பதுதான் இந்தப் பதிவு. அரைக் கிளட்ச், இரண்டாவது கியர் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: விரலைப் பழக்குங்கள்

காரில் லைட் தண்டை உங்கள் பக்கம் இழுத்தால் லைட் மின்னும், விட்டால் அணையும். எதிர்ப்பக்கம் தள்ளினால் ஹைபீம் அப்படியே நின்றுவிடும். பதற்றத்தில் பலரும் தள்ளிவிடுகிறார்கள், எதிரே வருபவருக்குக் கண் கூசிப் பாதையே தெரியாமல் போகிறது. வண்டியை நிறுத்திவைத்து, தண்டைப் பார்க்காமல் இழுக்கப் பழகுங்கள். பைக்கில் பெரும்பாலும் இடது ஆள்காட்டி விரலுக்கு எட்டும் இடத்தில் பாஸ் சுவிட்ச் இருக்கும். சில ஸ்கூட்டர்களில் அது கிடையாது. அப்போது டிம்-பிரைட் சுவிட்சை ஒருமுறை மேலே கீழே தட்டினால் போதும்.

படி 2: வளைவுக்கு முன் ஒரே ஒரு ஹாரன்

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, நிற்பதற்கு இடம் இருக்கும்போதே, ஒரு சின்ன ஹாரன். அப்புறம் காது கொடுத்துக் கேளுங்கள். எதிரே பேருந்து இருந்தால் பதில் ஹாரன் வரும், இல்லை ஏற்றத்தில் திணறும் எஞ்சின் சத்தமாவது வரும். வளைவு முழுக்க ஹாரனை அழுத்திக்கொண்டே போனால் அந்தப் பதில் உங்கள் காதில் விழாது.

வண்டியோடு வந்த சாதாரண ஹாரனே இதற்குப் போதும். மாறி மாறிப் பல ராகத்தில் கத்தும் ஹாரன்கள் சட்டப்படியே கூடாது. அதோடு, மலையில் அந்தச் சத்தம் எதிரொலித்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் குழப்பும். இரவில் வளைவுக்கு என் தேர்வு லைட்தான். ஹாரன் காதுக்கு எட்டும் முன்பே வெளிச்சம் எதிர்ப்பாறையில் விழுந்து, வண்டி வருவதைச் சொல்லிவிடும்.

படி 3: எதிரே லைட் மின்னினால் என்ன அர்த்தம்?

எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். லண்டனில் கார் ஓட்டிய ஒருவர் வால்பாறைக்கு வந்தால், எதிரே லைட் மின்னியதும் "சரி, நம்மைப் போகச் சொல்கிறார்" என்று நினைத்து முன்னேறுவார். பிரிட்டன் சாலைகளில் ஓட்டுநர்களின் வழக்கம் அது. ஆனால் அங்குள்ள விதிநூலே, லைட்டை மின்னுவது "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டும்தான், அதை நம்பிப் புறப்படாதீர்கள் என்கிறது. நம் ஊரில் அதே மின்னல் பெரும்பாலும் "நான் வருகிறேன், நீ நில்" என்பதற்காக. சில நேரம் "உன் ஹைபீமைக் குறை" என்றும் இருக்கும், முன்னால் மரம் விழுந்திருக்கிறது என்ற எச்சரிக்கையாகவும் இருக்கும்.

ஆகவே வெளிச்சத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். லைட் மின்னிய பிறகு அந்த வண்டியின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தால் பிரேக் பிடிக்கிறார். சக்கரம் நின்று, ஸ்டீயரிங் மேலே உள்ளங்கை எழுந்து உங்களை நோக்கி அசைந்தால் மட்டுமே அது அழைப்பு. வேகம் குறையாமல் மின்னினால் அவர் வழி கேட்கிறார், கொடுத்துவிடுங்கள். இரவில் கை தெரியாது, அதனால் வண்டி முழுதாக நிற்கும்வரை காத்திருப்பதுதான் ஒரே வழி.

ஒரு வளைவை முழுதாகப் பார்ப்போம்

நீங்கள் வால்பாறையிலிருந்து சின்ன கார் ஒன்றில் இறங்குகிறீர்கள். கீழிருந்து அரசுப் பேருந்து ஏறுகிறது. குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989 சாலை விதிகளிலேயே இது சொல்லப்பட்டிருந்தது. காரணம் எளிது: ஏற்றத்தில் நின்ற கனரக வண்டியை மறுபடி நகர்த்தும்போது அது பின்னால் சரியும், கிளட்சும் தேயும். உங்களுக்கோ பிரேக்கை விட்டாலே வண்டி நகரும்.

உங்கள் ஹாரனுக்குப் பேருந்தின் ஹாரன் பதில் சொல்கிறது. உடனே நில்லுங்கள், அதுவும் வளைவுக்குள் போகாமல் அதற்கு மேலே நேராக இருக்கும் பகுதியில். பேருந்து திரும்பும்போது அதன் மூக்கு உங்கள் பக்கம் வரை வந்துவிடும், வளைவுக்குள் நின்றால் அதற்கு இடம் போதாது. இடது ஓரம் ஒதுங்கி லோபீமிலேயே இருங்கள். இந்த நேரத்தில் லைட்டை மின்னினால் நீங்கள் வரப்போவதாக நினைத்து அவர் ஏற்றத்தில் நின்றுவிடுவார். அதற்குப் பதில் உள்ளங்கையைக் கண்ணாடிக்குத் தெரியும்படி உயர்த்தி, முன்னால் வரச் சொல்லி அசையுங்கள். கடக்கும்போது ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து நாலு விரலை உயர்த்துவார். நீங்களும் உயர்த்துங்கள். இரு கையும் ஸ்டீயரிங்கில் மும்முரமாக இருந்தால் தலையை மட்டும் ஆட்டுவார், அதுவும் நன்றிதான்.

பேருந்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வரலாம். அவையும் போன பிறகே நகருங்கள்.

படி 4: நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்

எஸ்டேட் வேலைக்கு நடந்து போகிறவர்களின் முதுகுக்குப் பக்கத்தில் ஹாரன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே ஒரு தட்டு, அப்புறம் வேகத்தைக் குறைத்து விலகிப் போங்கள்.

ஒருவர் சாலையைக் கடக்க உள்ளங்கையைக் காட்டினால், லைட்டால் பதில் சொல்லாதீர்கள். நிற்காமல் வரும் வண்டிகள் மின்னுவதையே பார்த்துப் பழகியவர் அவர். வேகம் குறைவது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். "போங்க" என்று கையசைக்கும் முன் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீங்கள் நிற்பது புரியாமல் பைக் ஒன்று உங்கள் வலப்பக்கமாகச் சீறி வரலாம், உங்கள் கையசைப்பை நம்பி நடந்தவர் அதன்முன் போய் நிற்பார். வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க மேலும் கீழுமாக அசையுங்கள். "வேகம் குறை" என்று பின்னால் வருபவருக்குச் சொல்லும் பழைய சைகை அது, இன்றும் எல்லோருக்கும் புரிகிறது.

இறக்கத்தில் வரும் சைக்கிள்காரருக்கு இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும். நீங்கள் கை உயர்த்தினால் அவர் தலையசைத்தாலே நிறைவு.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

"பகலில் எதிரே வருபவர்கள் விரல்களை மடக்கி விரித்துக் காட்டுகிறார்கள், என்ன அது?" என்று பைக் ஓட்டும் ஒருவர் கேட்டிருந்தார். உங்கள் ஹெட்லைட் எரிகிறது, அணையுங்கள் என்கிறார்கள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் தானாக எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. அக்கறையோடு சொல்கிறவருக்கு ஒரு கையுயர்த்தல் போதும். ஹைபீமில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் யானையைப் பற்றிக் கேட்டிருந்தார். இதுவரை சொன்ன எதையும் அங்கே செய்யாதீர்கள். ஹாரனும் ஹைபீம் மின்னலும் அதை மிரட்டும். தள்ளியே நிறுத்தி, லோபீமில், பின்னால் வரும் வண்டிகளுக்கு ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, அது சாலையை விட்டுப் போகும்வரை காத்திருங்கள். குட்டி பின்தங்கி வரலாம் என்பதால், பெரியது போனதும் கிளம்பிவிட வேண்டாம்.