ஜிஎஸ்டி பதிவு: முகவரிப் பக்கத்தில் சறுக்காமல் இருக்க

ஜிஎஸ்டி எண்ணுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட சிறு வியாபாரியிடம் காரணம் கேட்டால், "ஏதோ ஆவணம் சரியில்லையாம்" என்பார். அந்த ஏதோ ஆவணம், அநேகமாக வியாபாரம் நடக்கும் இடத்துக்கானதாகவே இருக்கும். பான் எண்ணும் ஆதாரும் கணினி சரிபார்க்கும் சங்கதிகள். இடத்துக்கான காகிதத்தைத்தான் ஓர் அதிகாரி கண்ணால் படித்துப் பார்க்கிறார். உங்கள் வீடும் தெருவும் அவருக்குத் தெரியாது. நீங்கள் ஏற்றிய இரண்டு மூன்று கோப்புகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். ஈரோட்டில் ஒரு பெண் வீட்டிலேயே நான்கு தையல் எந்திரம் போட்டு நைட்டி தைத்து விற்கிறார். ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் வரவு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் இவர் பாலக்காட்டுக் கடைகளுக்கும் பார்சல் அனுப்பத் தொடங்கிவிட்டார். வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. மின் இணைப்போ, மாமனாரின் காலமாகிவிட்ட தந்தை பெயரிலேயே இன்னும் ஓடுகிறது. துணியும் தைத்த சரக்கும் அடுத்த தெருவில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் கிடக்கின்றன. நம் ஊர்களில் பாதி வியாபாரங்களின் நிலைமை இதுதான்.

முதல் தவறு, முதன்மை வியாபார இடத்தைப் பற்றிய பக்கத்தில் நடக்கிறது. அந்த இடம் உங்களுக்கு எந்த வகையில் உரியது என்று அங்கே ஒரு கேள்வி வரும். சொந்தம், குத்தகை, வாடகை, சம்மதம், பகிர்வு என்று பட்டியல் விரியும். "நம்ம வீடுதானே" என்று சொந்தம் என்பதை அழுத்திவிடுகிறார்கள். அதன்பின் ஏற்றும் சொத்து வரி ரசீதில் மாமனாரின் பெயர் இருக்கும். விண்ணப்பதாரர் சொந்தம் என்கிறார், ரசீது வேறொருவர் பெயரைச் சொல்கிறது. அதிகாரி கேள்வி அனுப்பாமல் என்ன செய்வார்?

கணவன், மனைவி, பெற்றோர், மாமனார், யார் பெயரில் இருந்தாலும் உங்கள் பெயரில் இல்லாத வீட்டுக்கு 'சம்மதம்' என்பதே சரியான தேர்வு. அதற்கு மூன்று காகிதங்கள் போதும்: உரிமையாளரின் சம்மதக் கடிதம், அவருடைய அடையாளச் சான்றின் நகல், அவருடைய உரிமையைக் காட்டும் ஓர் ஆவணம். கடிதத்தை வெள்ளைத்தாளில் எழுதினால் போதும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 17 ஏப்ரல் 2025 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல் சொல்கிறது. முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் போய் வீண் செலவு செய்ய வேண்டியதில்லை. வாசகம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

"எனக்குச் சொந்தமான, ஈரோடு, இன்ன தெரு, புதிய எண் 14, பழைய எண் 7 என்ற கட்டடத்தின் தரைத்தளத்தை, என் மகனின் மனைவி இன்னார் ஆயத்த ஆடை வியாபாரம் செய்யப் பயன்படுத்திக்கொள்வதற்கு எனக்குச் சம்மதம்."

கீழே தேதி, கையெழுத்து. எந்தத் தளம், என்ன வியாபாரம் என்ற இரண்டையும் எழுதிவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இவற்றைத்தான்.

அடுத்தது உரிமைக்கான ஆவணம். மின் கட்டண ரசீது கைபேசியிலேயே கிடைத்துவிடுவதால் எல்லோரும் முதலில் அதைத்தான் ஏற்றுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த ரசீது ஏற்கெனவே காலமானவர் பெயரில் இருக்கிறது. சம்மதம் கொடுத்தவர் ஒருவர், ரசீதில் இருப்பவர் வேறொருவர். இந்த முடிச்சை அவிழ்க்க வாரிசுச் சான்றிதழ் வரை தேடிக்கொண்டு போவார்கள். தேவையே இல்லை. சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, தண்ணீர் கட்டண ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்றுதான் கேட்கப்படுகிறது. மாமனார் பெயரில் உள்ள சொத்து வரி ரசீதை மட்டும் கொடுத்துவிட்டு, மின் ரசீதை மேசைக்குள்ளேயே வைத்துவிடலாம். ஆவணம் அதிகமாகக் கொடுத்தால் நம்பிக்கை கூடும் என்று நினைப்பது இங்கே எதிராகவே முடியும். ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு காகிதங்களைக் கொடுப்பதைவிட, பொருந்தும் ஒன்றைக் கொடுப்பது மேல். அந்த ரசீது அண்மையில் கட்டியதாக இருக்கட்டும்.

இனி கதவிலக்கம். பழைய எண், புதிய எண் என்ற இரட்டை வழக்கு நம் நகரங்களில் எத்தனை பேரை அலைக்கழித்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. ஆதாரில் பழைய எண், சொத்து வரி ரசீதில் புதிய எண், விண்ணப்பத்தில் ஞாபகத்தில் இருந்து அடித்த ஏதோ ஓர் எண். எந்த ஆவணத்தை ஏற்றப் போகிறீர்களோ, அதை எதிரே வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே அடியுங்கள். தெருப்பெயரின் எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆதாரில் உள்ள வீட்டு முகவரி வேறாக இருந்தால் பரவாயில்லை. அது நீங்கள் குடியிருக்கும் முகவரி. இது வியாபார முகவரி. பழைய எண்ணும் அறியப்பட்டதாக இருந்தால், சம்மதக் கடிதத்தில் மேலே காட்டியதுபோல இரண்டையும் எழுதிவிட்டால் கேள்விக்கு இடமிருக்காது.

அதே பக்கத்தில் ஒரு வரைபடமும் வரும். அதில் குறியை உங்கள் கட்டடத்தின் மேல் சரியாக வைக்கச் சிலர் மெனக்கெடுவதில்லை. ஊரின் நடுவில் எங்கோ விழுந்த குறியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நேரில் பார்க்க அதிகாரி வர நேர்ந்தால், அலைச்சல் அவருக்கு, இழப்பு உங்களுக்கு. வாசலில் வியாபாரப் பெயர் எழுதிய ஒரு சிறு பலகையாவது தொங்கட்டும். பலகையும் இல்லாமல் கதவும் பூட்டியிருந்தால், 'இந்த இடத்தில் வியாபாரம் இல்லை' என்று அறிக்கை போய்விட வாய்ப்புண்டு.

அடுத்த தெருவில் இருக்கும் அறையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. "அது சும்மா சரக்கு வைக்கிற இடம்" என்பார்கள். சட்டத்தின் பார்வையில் சரக்கு வைக்கும் கிடங்கும் வியாபார இடம்தான். அதைக் கூடுதல் இடமாகக் காட்ட வேண்டும். காட்டாத இடத்தில் சரக்கு இருப்பது சோதனையில் தெரிந்தால், அது கணக்கில் வராத சரக்கு இல்லை என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. வாடகை அறை என்பதால் வாடகை ஒப்பந்தமும், வீட்டுக்காரரின் உரிமையைக் காட்டும் ஓர் ஆவணமும் வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததாக இருந்தால் வீட்டுக்காரரின் அடையாளச் சான்றையும் சேர்க்க வேண்டும். பதிவு செய்ததற்கு அது தேவையில்லை. ஒப்பந்தம் இன்னும் காலாவதியாகவில்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறப்பது நம் ஊர் வழக்கம்.

இடத்தை விட்டுப் பெயருக்கு வந்தால், அங்கேயும் ஒரு தமிழ்நாட்டுச் சிக்கல் இருக்கிறது. முன்னெழுத்து! பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய கணவரின் முன்னெழுத்து இருக்கும். விண்ணப்பத்தில் சட்டப்பூர்வப் பெயர் என்ற இடத்தில் பான் அட்டையில் உள்ளபடிதான் போட வேண்டும். கடைப்பெயருக்கு வேறு கட்டம் உண்டு. அதை இங்கே எழுதாதீர்கள். ஆதாரும் பானும் பெயரிலோ பிறந்த தேதியிலோ முரண்பட்டால், ஆதார் சரிபார்ப்பில் விண்ணப்பம் தடைபடும். அதை முதலில் திருத்திக்கொண்டு வருவது நல்லது.

இதைவிட விலை அதிகமான தவறு ஒன்று உண்டு: கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். விண்ணப்பத்தை நிரப்பித் தருபவர், வசதிக்காகத் தன் எண்ணையே போட்டுவிடுவார். ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அவருக்கே போகும். நோட்டீஸ் வந்த செய்தியும் அவருக்கே போகும். அவர் ஊருக்குப் போயிருந்தால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. அவரோடு மனத்தாங்கல் வந்தால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகலாம். உங்கள் எண்ணைத்தான் போடச் சொல்லுங்கள். இதில் முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

நோட்டீஸ் விஷயத்துக்கு நாள் கணக்கு முக்கியம். ஆதார் சரிபார்ப்பு முடிந்த வழக்கமான விண்ணப்பத்தில், அதிகாரி 7 வேலை நாட்களுக்குள் எண் தரவோ கேள்வி கேட்கவோ வேண்டும். நேரில் சரிபார்க்கத் தேர்வான விண்ணப்பங்களுக்கு 30 நாள் வரை ஆகலாம். கேள்வி வந்தால் அது REG-03 என்ற படிவமாக வரும். பதிலை REG-04 படிவத்தில், 7 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பதில் போகாவிட்டால் நிராகரிப்பு. பிறகு முதலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை என்றாலும், பாலக்காட்டுக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

பதில் எழுதும்போது, கேட்ட வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விளக்கம் கொடுத்து, உரிய ஆவணத்தை மட்டும் இணையுங்கள். கோப்பின் அளவு வரம்பு திரையிலேயே போட்டிருக்கும். அதற்குள் அடங்க வேண்டும் என்று நசுக்கி, எழுத்தே தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். ஏற்றும் முன் ஒருமுறை திறந்து, கதவிலக்கம் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத ஆவணத்தைக் கேட்டால் மேலே சொன்ன அறிவுறுத்தலை மரியாதையாகச் சுட்டலாம். பட்டியலுக்கு வெளியே கேட்க, அந்த அதிகாரி துணை அல்லது உதவி ஆணையரின் ஒப்புதலைப் பெற வேண்டும். குடியிருப்பது ஓர் ஊர், வியாபாரம் வேறோர் ஊரா போன்ற ஊகக் கேள்விகளையும் அது தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் அது மத்திய அதிகாரிகளுக்கு எழுதப்பட்டது. உங்கள் விண்ணப்பம் மாநில அதிகாரியிடம் போயிருந்தால், அதை ஆணையாகக் காட்டி வாதாட முடியாது.

எண் கிடைத்ததும் முதலில் சான்றிதழைத் திறந்து, முகவரியும் கூடுதல் இடமும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு; அதன்பின் வரும் பத்து எழுத்துகள் உங்கள் பான். வங்கிக் கணக்கு விவரத்தை எண் கிடைத்த 30 நாளுக்குள், அல்லது முதல் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன், எது முந்தியதோ அதற்குள் சேர்த்துவிட வேண்டும். மறந்தால் பதிவே நிறுத்திவைக்கப்படலாம். சான்றிதழை வீட்டிலும் அந்தக் கிடங்கிலும் கண்ணில் படும்படி மாட்டி, வாசல் பலகையில் ஜிஎஸ்டி எண்ணையும் எழுதிவிட வேண்டும்.