போஸ்ட் போகாத நாளில் அக்கா பார்க்கும் ஒரு தாள்

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள எங்கள் கடையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு தினமும் காலையில் ஒரு ஸ்கிரிப்ட்தான் போஸ்ட் போடும். நான் ஊரில் இல்லாதபோது அது நின்றால் பில்லிங் அக்காதான் பார்க்க வேண்டும், அவருக்காக என்ன செய்ய வேண்டும் என்ற படிகளை ஒரு பக்கத்தில் ரன்புக்காக எழுதினேன்.

முதல் வரியே ரீஸ்டார்ட் இல்லை, "பக்கத்தைத் திறந்து இன்றைய போஸ்ட் இருக்கிறதா பாருங்கள்" என்பதுதான். ஏனென்றால் ஸ்கிரிப்ட் போஸ்ட் போட்ட பிறகுதான் போஸ்ட்டுகளின் பட்டியல் இருக்கும் ஷீட்டில் `DONE` என்று எழுதும், நடுவில் நெட் போனால் போஸ்ட் போயிருக்கும், ஷீட்டில் `PENDING` என்றே நிற்கும், அப்போது ரீஸ்டார்ட் செய்தால் அதே போஸ்ட் இரண்டாவது முறை போகும். அதனால் போஸ்ட் இருந்தால் கையால் `DONE` என்று மாற்றினால் போதும்.

போஸ்ட் இல்லையென்றால், ஸ்கிரிப்ட் நடந்ததை எழுதி வைக்கும் லாக் ஃபைலின் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். `timeout` என்றிருந்தால் டெஸ்க்டாப் ஐகானை ஒரு தடவை டபுள் கிளிக். இப்படி வந்தால் மட்டும் தொடவே வேண்டாம்:

```
"type": "OAuthException", "code": 190
```

அப்படியென்றால் ஸ்கிரிப்ட் போஸ்ட் போட ஃபேஸ்புக் கொடுத்த அனுமதிச் சாவியான டோக்கன் செல்லாமல் போய்விட்டது, பாஸ்வேர்டு மாற்றினாலும் இது நடக்கும், எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஓடாது. எனக்கு போன் செய்துவிட்டு, அன்றைய போஸ்ட்டைக் கையால் போட்டு, ஷீட்டிலும் `DONE` என்று மாற்ற வேண்டும்.

பிறகு சோதனைப் பக்கம் ஒன்றில் வேண்டுமென்றே டோக்கனைக் கெடுத்துவிட்டு, ரன்புக்கை அக்காவிடம் கொடுத்து, பேசாமல் அவர் அருகில் உட்கார்ந்தேன். "லாக்னா எதுப்பா?" என்றார் அக்கா. அந்த இடத்தில் இப்போது ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, கடைசி வரியைச் சுற்றி சிவப்பு வட்டத்தோடு.