ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் வாடகைதாரரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

வீட்டைக் காலி செய்பவரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் "வாடகை கட்டுப்படியாகவில்லை" என்ற பதிலே வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். வாக்குவாதத்தைத் தவிர்ப்பதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதற்காகவே ஐந்து கேள்விகள் கொண்ட இந்தப் படிவத்தை அமைக்கிறோம்.

முதலில் காலத்தைத் தீர்மானியுங்கள். ஒப்பந்தம் முடிவதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்பு, புதிய வாடகையை அறிவிப்பதற்கு முன்னதாகவே படிவம் அவர் கைக்குப் போய்விட வேண்டும். வாடகை உயர்வுக் கடிதத்துடன் சேர்த்து அனுப்பினால், பதில்கள் எல்லாம் பேரம் பேசுவதாகவே மாறிவிடும்.

அடுத்து கேள்விகளை எழுதுங்கள். "திருப்தியாக இருக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், "ஆம்" என்ற பதிலிலிருந்து நீங்கள் எதையும் சரிசெய்ய முடியாது. கருத்தைவிட நடந்ததைக் கேட்பதே பயன் தரும் என்பதால், நான் பரிந்துரைக்கும் கேள்விகள் இவை:

1. தொடர்ந்து இருக்க நினைக்கிறீர்களா? (ஆம் / இல்லை / முடிவு செய்யவில்லை)
2. கடந்த ஓராண்டில் வேறு வீடு பார்க்கலாம் என்று எப்போதாவது தோன்றியதா? அப்போது என்ன நடந்தது?
3. கடைசியாகச் சொன்ன பழுது எது? அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆயிற்று?
4. இந்த வீட்டில் எது மாறினால் நீங்கள் இருக்க மாட்டீர்கள்?
5. ஒன்றை மட்டும் சரிசெய்யலாம் என்றால், எதைச் சொல்வீர்கள்?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் படிவத்தின் உயிர். எடுத்துக்காட்டாக, ஒருவர் ஐந்தாவது கேள்விக்கு "வாடகையைக் குறையுங்கள்" என்று எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டாவதில், "குளியலறைக் குழாய் ஒழுகுவதாக இரண்டு முறை சொல்லியும் யாரும் வராத வாரத்தில் வீடு தேட ஆரம்பித்தேன்" என்றும், மூன்றாவதில் "இருபது நாள்" என்றும் இருந்தால், அவரை நகர்த்தியது வாடகை மட்டுமன்று, பதில் இல்லாத காத்திருப்பும்தான் என்பது தெரிகிறது. அவருக்கு நூறு இருநூறு குறைப்பதைவிட, புகார் வந்த மறுநாளே "இன்ன நாளில் ஆள் வருவார்" என்று தெரிவிப்பது பலன் தரக்கூடும், செலவும் குறைவு. நான்காவது கேள்வியோ, அவரைத் தங்க வைப்பது எது என்பதைக் காட்டுகிறது. அமைதி, பள்ளிக்குள்ள தூரம், காவலர் போன்ற பதில்கள் வந்தால், அவற்றுள் உங்கள் கையில் இருப்பவற்றை எக்காரணம் கொண்டும் கலைத்துவிடாதீர்கள்.

பதில்களைத் தொகுக்கும்போது, "என்னால் மாற்றக்கூடியது", "மாற்ற முடியாதது" என்று இரண்டாகப் பிரியுங்கள். வேலை மாற்றத்தால் போகிறவரை எந்தச் சலுகையும் நிறுத்தாது. பத்துப் பன்னிரண்டு வீடுகளே இருந்தால் சதவீதம் போடாதீர்கள், ஒவ்வொரு பதிலையும் முழுமையாகப் படியுங்கள். அத்தனை சிறிய குடியிருப்பில் பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் என்பதால், "பெயர் வெளியாகாது" என்று வாக்குக் கொடுப்பதும் நேர்மையாகாது. பதில் எதுவானாலும் புதிய வாடகையை அது பாதிக்காது என்று எழுதிக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்.

காலி செய்பவருக்கும் இதே கேள்விகளைக் கொடுங்கள், ஆனால் முன்பணத்தை முழுவதுமாகக் கணக்குத் தீர்த்த பிறகு மட்டுமே. பணம் உங்களிடம் இருக்கும்வரை அவர் மனம் திறந்து எழுத மாட்டார்.