நூல் ஆர்டர் மின்னஞ்சல்: ஆலை திருப்பி அழைக்காமல் இருக்க

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. தலைப்பு வரியில் ‘நூல் ஆர்டர் – மிக அவசரம்’ என்று இருக்கிறது. உள்ளே முதல் வரி: ‘வணக்கம். தங்களுடன் நீண்ட காலமாக வணிகம் செய்துவருவதில் மகிழ்ச்சி அடைகிறோம்.’ ஆலையின் விற்பனை அலுவலர் அதைக் கைபேசியில் பார்க்கிறார். திறப்பதற்கு முன்பே தலைப்பின் முதல் சில சொற்களும் கடிதத்தின் முதல் வரியும் திரையில் தெரிந்துவிடுகின்றன. எந்த நூல், எவ்வளவு, எப்போது என்ற மூன்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. மாலைக்குள் லாரி ஏற்ற வேண்டிய மற்ற ஆர்டர்கள் காத்திருக்க, இதைப் பிறகு பார்க்கலாம் என்று அவர் நகர்ந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

‘அவசரம்’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆலைக்கு வரும் கடிதங்களில் பாதி அவசரம் என்றே வருகிறது. அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. நிறுவனத்தின் பெயரும் தலைப்பில் தேவையில்லை, அனுப்புநர் இடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில் இப்படி எழுதலாம்:

‘ஆர்டர் 1147: 30 கோம்டு, 20 மூட்டை, மார்ச் 14 திருப்பூர்’

ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே. ‘30ஆம் நம்பர் நூல்’ என்று மட்டும் எழுதினால் கோம்டா, கார்டடா என்று கேட்டுக் கட்டாயம் அழைப்பு வரும். இரண்டும் 30ஆம் நம்பர்தான். ஆனால் சீவிய நூலான கோம்டுக்கு விலையும் வேறு, துணியின் தோற்றமும் வேறு. ஆர்டர் எண் முதலில் நிற்பதால் ஆலையின் கணக்குப் பிரிவும் சரக்கு அனுப்பும் பிரிவும் ஒரே எண்ணைப் போட்டுத் தேடி எடுக்க முடியும்.

அடுத்த தவறு முதல் வாக்கியத்தின் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘எங்களுக்கு 30 கோம்டு நூல் தேவைப்படுகிறது’ என்று எழுதினால், அது விலை விசாரணையா, இருப்பு இருக்கிறதா என்ற கேள்வியா, உறுதியான ஆர்டரா என்று படிப்பவருக்குத் தெரியாது. விசாரணை என்று எடுத்துக்கொண்டால் அவர் விலைப் பட்டியலை அனுப்பிவிட்டுத் தம் வேலை முடிந்தது என்று இருப்பார். நீங்களோ லாரிக்காகக் காத்திருப்பீர்கள். பணிவாகச் சுற்றி வளைத்து எழுதுவது நமக்குப் பழக்கம்தான்; ஆனால் ஆர்டர் கடிதத்தில் ‘அனுப்பி வைக்கவும்’ என்று நேராக எழுதுவது மரியாதைக் குறைவு ஆகாது. விலை மட்டும் கேட்பதானால் ‘விலை கேட்டு’ என்று தலைப்பிலேயே தொடங்குங்கள்.

அந்த நிறுவனத்தின் கடிதத்தைத் திருத்தி எழுதினால் தொடக்கம் இப்படி வரும்:

‘வணக்கம். 30ஆம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல் 1,000 கிலோ (50 கிலோ மூட்டை 20), ஒரே லாட்டில், மார்ச் 14 வெள்ளி காலை 10 மணிக்குள் திருப்பூரில் எங்கள் நிட்டிங் யூனிட்டில் இறங்கும்படி அனுப்பி வைக்கவும். விலை நேற்று தொலைபேசியில் பேசியபடி; கீழே குறித்துள்ளோம். ஒரே லாட்டில் இருப்பு இல்லையென்றால் ஏற்றுவதற்கு முன் இன்று மாலை 4 மணிக்குள் தெரிவிக்கவும்.’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. மூட்டை என்றால் எல்லா ஆலையிலும் ஒரே எடை இல்லை. 50 கிலோவும் உண்டு, 60 கிலோவும் உண்டு. கிலோவையும் சேர்த்து எழுதாவிட்டால் 20 மூட்டை என்பது 1,000 கிலோவாகவும் வரலாம், 1,200 கிலோவாகவும் வரலாம். ‘வெள்ளிக்குள்’ என்று மட்டும் எழுதினால் ஆலைக்காரர் வெள்ளி மாலை ஏற்றுவார். சனிக்கிழமை காலையில்தான் திருப்பூரில் இறங்கும், வெள்ளி முழுக்க மெஷின் காத்திருக்கும். ‘இறங்கும்படி’ என்ற ஒரு சொல் அந்த ஒரு நாளைக் காப்பாற்றுகிறது. இறக்கும் இடமும் மேலேயே இருக்க வேண்டும். பில் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் சரக்கு வெளி நிட்டிங் யூனிட்டுக்கும் போவது திருப்பூரில் அன்றாட வழக்கம். இ-வே பில் போட்ட பிறகு அந்த முகவரி கடிதத்தின் அடியில் கண்ணில் பட்டால், ஆலை ஆவணங்களைத் திரும்பத் தயாரிக்க வேண்டியிருக்கும்.

லாட், அதாவது ஒரே தொகுப்பாக நூற்ற நூல் என்ற விஷயத்தில்தான் மிகப் பெரிய நஷ்டம் நேர்கிறது. இரண்டு லாட் நூல் கலந்து ஒரே துணியில் ஓடிவிட்டால், சாயம் போடாத துணியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சாயப்பட்டறையிலிருந்து வரும்போதுதான் குறுக்கே வரிவரியாக நிற வேறுபாடு தெரியும். அப்போது நூலைத் திருப்பித் தர வழியில்லை. இவ்வளவு முக்கியமான நிபந்தனையைப் பல கடிதங்களில் பணம் செலுத்தும் முறை, சோதனைச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் கீழே கடைசிப் பத்தியில் பார்க்கிறேன். சரக்கை எடுத்துவைக்கும் கிடங்குக்காரருக்கு அந்தப் பத்தி போய்ச் சேர்வதே இல்லை. அவருக்குப் போவது விற்பனை அலுவலர் முதல் இரண்டு வரியிலிருந்து எடுத்துச் சொல்வது மட்டுமே.

விலையை எழுதாமல் விடுவது மாதக் கடைசியில் தனிச் சிக்கல். தமிழ்நாட்டு நூற்பாலைகள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் புது விலை அறிவிக்கின்றன. 29ஆம் தேதி விலை இல்லாமல் போன ஆர்டர், எந்த விலையில் பில் போடுவது என்ற கேள்வியிலேயே இரண்டு நாள் நிற்கும். பேசிய விலையைக் கடிதத்திலேயே எண்ணாக எழுதிவிடலாம். முன்பணம் செலுத்தியிருந்தால் அந்த வங்கிப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணும் அங்கேயே இருக்கட்டும். பணம் வந்ததா என்று பார்க்காமல் பல ஆலைகள் லாரியை விடுவதில்லை.

‘ஆர்டர் இணைப்பில் உள்ளது’ என்ற ஒற்றை வரிக் கடிதமும் தாமதத்துக்கே வழி. கைபேசியில் இணைப்பைத் திறந்து பெரிதாக்கிப் படிக்கும் பொறுமை லாரி ஏற்றும் நேரத்தில் யாருக்கும் இருக்காது. இணைப்பு கணக்குக்கு; கடிதத்தின் முதல் வரி வேலைக்கு.

பழைய கடிதத்துக்குப் பதில் அழுத்திப் புது ஆர்டர் போடுவதையும் நிறுத்த வேண்டும். ‘ஆர்டர் 1098’ என்ற பழைய தலைப்பின் கீழ் 1147 ஒளிந்துவிடும். முடிந்துபோன ஆர்டரைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று ஆலை கடந்துபோகும். பழைய சரக்கின் கோன் சேதத்துக்குக் கழிவு கேட்கும் புகாரையும் அதே கடிதத்தில் சேர்த்தால் இன்னும் மோசம்: கடிதம் முழுதாகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்படும், ஆர்டரும் அதோடு போகும். புகாருக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

திருத்தம் மட்டும் இதற்கு விலக்கு. 20 மூட்டை 25 ஆகிறது என்றால் அதே ஆர்டர் எண்ணோடு, அதே கடிதத் தொடரில் எழுதுவது நல்லது. ‘25 மூட்டை அனுப்பவும்’ என்று மொட்டையாக எழுதினால் ஏற்கெனவே சொன்ன 20உடன் சேர்த்து 45 மூட்டை இறங்கும் ஆபத்து இருக்கிறது. ‘ஆர்டர் 1147 திருத்தம்: 20 மூட்டைக்குப் பதிலாக மொத்தம் 25 மூட்டை, கூடுதலாக 5 மட்டும்’ என்பதை முதல் வாக்கியமாக வையுங்கள். ஜிமெயிலில் பதில் எழுதும்போது தலைப்பை மாற்றினால் அது தனித் தொடராகப் பிரிந்துவிடும். அதனால் தலைப்பைத் தொடாமல், திருத்தத்தை முதல் வரியில் சொல்வதே பாதுகாப்பு. லாரி கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டால் கடிதத்தை மட்டும் நம்பாமல் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.

கடிதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆலையிலிருந்து திரும்பி வரும் அழைப்புகளைக் கவனித்தால் போதும். ‘எத்தனை கிலோ?’, ‘எங்கே இறக்க?’, ‘என்ன விலை பேசினீர்கள்?’ என்று எந்தக் கேள்வி அடிக்கடி வருகிறதோ, அதன் பதிலை அடுத்த கடிதத்தில் முதல் வாக்கியத்துக்கு ஏற்றுங்கள். இருப்பே இல்லாத நூலை எந்தத் தலைப்பும் வரவழைக்காது. ஆனால் ‘இல்லை’ என்ற பதில் அன்று மாலையே வந்துவிட்டால், வேறு ஆலையைக் கேட்க உங்களுக்கு ஒரு நாள் மிச்சமிருக்கும்.