பதம் பிரித்த தேவாரத்தில் தாளம் இடறியபோது

வாரந்தோறும் பாடும் குழுவுக்காகத் தேவாரப் பதிகங்களைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தபோது, பழைய பதிப்பிலிருந்த "தோடு டையசெவி யன்விடை யேறியோர்" என்ற சீர்பிரிப்பு புதியவர்களுக்குப் புரியாது என்றெண்ணி, "தோடு உடைய செவியன் விடை ஏறி ஓர்" என்று எல்லாச் சொற்களையும் பிரித்துவிட்டேன். பாடியவர்கள் இரண்டாம் சீரிலேயே இடறினார்கள்.

அசை பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. "டையசெவி" கூவிளங்காய், "உடையசெவி" கருவிளங்காய். தோடு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் புணர்ச்சியில் கெட்டிருக்க, பிரித்தபோது அது மீண்டும் வந்து ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டது. "விடையேறியோர்" என்பதிலோ யகரம் வெறும் உடம்படுமெய். அதை நீக்கினாலும் அசை மாறவில்லை.

அதன்பின் மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். "தோடுடைய" நான்கு, "தோடு உடைய" ஐந்து. ஆகவே சேர்த்தே அச்சிட வேண்டும். "விடையேறியோர்" ஐந்து, "விடை ஏறி ஓர்" என்பதும் ஐந்து, பிரிக்கலாம். இப்போது அந்த அடி "தோடுடைய செவியன் விடை ஏறி ஓர்" என்று நிற்கிறது. தோடு, உடைய என்ற பிரிப்பை அடிக்குறிப்பில் தந்திருக்கிறேன்.

எண்ணிக்கை தீர்க்காத இடமும் உண்டு. திருவாசகத்தின் "நெஞ்சினீங்காதான்" என்பதை நெஞ்சில் நீங்காதான், நெஞ்சின் நீங்காதான் என இருவகையிலும் பிரிக்கலாம். இல், இன் இரண்டுமே நீங்கற்பொருள் தரும் ஐந்தாம் வேற்றுமை உருபுகள் என்பதால் பொருள் கெடவில்லை; பாடுவோர் நாவில் பழகிய "நெஞ்சில்" என்பதையே வைத்துக்கொண்டேன்.